புது பேட்டரி போட்டும் எரியாத சோலார் தோட்ட விளக்கு: உள்ளே என்ன நடக்கிறது?

சோலார் தோட்ட விளக்கு எரியவில்லை என்று சென்னையில் யாரிடம் சொன்னாலும் மூன்று தீர்ப்புகளில் ஒன்று உடனே வந்துவிடும். "பேட்டரி போயிருக்கும், மாத்துங்க." "வெயில் பத்தலை." "சோலார்னாலே இப்படித்தான், ஆறு மாசம் தாங்கினா பெரிசு." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதல் தீர்ப்பை நம்பிப் புது பேட்டரி வாங்கிப் போட்டவர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: ரெண்டு நாள் நன்றாக எரிந்தது, அப்புறம் மறுபடி இருட்டு. உடனே அந்தப் புது பேட்டரியையும் திட்டுவார்கள்.

பேட்டரி செத்துப்போயிருப்பது பெரும்பாலும் உண்மைதான். அது ஏன் செத்தது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மேலே அழுக்கேறிய பேனல், கீழே களிம்பு பிடித்த காண்டாக்ட், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பட்டினியில் சாகிற செல். இந்த மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிந்தாலும் ஒன்று இன்னொன்றை இழுத்துவிடுகிறது. அது எப்படி என்று புரிந்துவிட்டால், எதை மாற்றுவது, எதைத் துடைத்தால் போதும் என்பது தெரிந்துவிடும்.

## எந்த விளக்கு?

இங்கே பேசுவது மண்ணில் குத்தி வைக்கும் சின்ன விளக்கைப் பற்றி. தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேனல், அதன் அடியில் சுவர்க்கடிகாரத்தில் போடுகிற அளவில் ஒரே ஒரு ரீசார்ஜபிள் செல், ஒரு வெள்ளை எல்இடி, அடிப்பக்கம் ஒரு ஸ்விட்ச். அவ்வளவுதான் சாமான். மோஷன் சென்சார் வைத்த பெரிய சுவர் விளக்குகளிலும் தெருவிளக்கு மாதிரிகளிலும் லித்தியம் பேட்டரி இருக்கும். அவற்றின் கணக்கு வேறு, செல்லையும் மாற்றி மாற்றிப் போடக்கூடாது. அவற்றை இதில் சேர்க்கவில்லை.

## மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்

பகலில் மோட்டார் ஓடித் தொட்டியை நிரப்புகிறது. ராத்திரி மோட்டார் ஓடாது. தொட்டியில் இருப்பதைத்தான் குழாயில் பிடிக்கிறோம். நம் விளக்கில் பேனல்தான் மோட்டார், செல்தான் தொட்டி, எல்இடிதான் குழாய். பேனலுக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு டையோடு இருக்கிறது. டையோடு என்பது மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற பாகம். ஏற்றிய தண்ணீர் திரும்பச் சம்புக்கு இறங்காமல் தடுக்கும் வால்வு போல, ராத்திரியில் செல்லில் இருப்பது பேனல் வழியாக வீணாகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. மின்னழுத்தம் என்பது தள்ளும் விசை. அதை வோல்ட்டில் அளக்கிறோம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் போன்றது அது. மின்னோட்டம் என்பது உண்மையில் பாய்கிற அளவு. நம் விளக்கில் அதை மில்லி ஆம்பியரில் அளக்கலாம். தொட்டி மாடியில் உயரமாக இருந்தாலும் பைப் அடைத்துக்கொண்டால் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். உயரம் சரியாக இருப்பதால் தண்ணீர் வந்துவிடும் என்று சொல்ல முடியாதல்லவா? விளக்கிலும் அப்படியே. மல்டிமீட்டரை வைத்து "பேனல்ல 2 வோல்ட் வருது, செல்லுல 1.2 வோல்ட் இருக்கு, எல்லாம் சரி" என்று முடிவு கட்டுபவர்கள் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. வெள்ளை எல்இடி எரியச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒற்றைச் செல் தருவதோ 1.2 வோல்ட். இந்த இடைவெளியை நிரப்ப உள்ளே நாலு கால் வைத்த ஒரு சின்ன ஐசியும், பச்சை நிறத்தில் ரெசிஸ்டர் போலவே தெரிகிற ஒரு குட்டிக் காயிலும் இருக்கின்றன. ஐசி காயிலில் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டு நிறுத்தும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் காயில் ஓர் உந்து உந்தி மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும். அந்தத் துடிப்பு அவ்வளவு வேகமாக இருப்பதால் விளக்கு சிமிட்டுவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொழுது சாய்ந்ததை விளக்கு எப்படித் தெரிந்துகொள்கிறது? இந்தச் சின்ன விளக்குகளில் பெரும்பாலும் அதற்கென்று தனி சென்சார் கிடையாது. பேனலையே ஐசி கவனித்துக்கொண்டிருக்கும். பேனலின் மின்னழுத்தம் அநேகமாகச் சுழியத்துக்கு வந்துவிட்டால் இருட்டிவிட்டது என்று கணக்கு.

சுருக்கமாக: பகலில் பேனல் டையோடு வழியாகச் செல்லை நிரப்புகிறது, பேனல் இருண்டதும் ஐசி விழித்து, செல்லின் 1.2 வோல்ட்டை உயர்த்தி எல்இடியை எரிக்கிறது.

## ஒரு நாள் வரவும் ஒரு ராத்திரி செலவும்

செல்லின் மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஹெச் என்பது அதன் கொள்ளளவு, அதாவது மில்லி ஆம்பியர் மணி. 600 என்று போட்டிருந்தால், தொடர்ந்து 20 மில்லி ஆம்பியர் எடுத்தால் 30 மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம்.

இப்போது வரவைப் பார்ப்போம். புதிதாக இருக்கும்போது இந்த அளவுப் பேனல் ஒன்று உச்சி வெயிலில் 70 மில்லி ஆம்பியர் தருவதாக வைத்துக்கொள்வோம். காலை மாலைச் சாய்ந்த வெயிலையெல்லாம் சேர்த்துக் கூட்டினால், சென்னையில் ஒரு தெளிவான நாள் சுமார் 5 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். ஆக 350 மில்லி ஆம்பியர் மணி. அனுப்புவதெல்லாம் செல்லில் தங்காது. சூடாகவும் மற்றபடியும் கொஞ்சம் போகும். எழுபது சதவீதம் தங்குகிறது என்று கொண்டால் கையில் நிற்பது 245.

செலவு? எல்இடியை எரிக்க ஐசி செல்லிலிருந்து சராசரியாக 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்றால் 12 மணி நேர இரவுக்கு 240. வரவும் செலவும் மயிரிழையில் ஒத்துப்போவதைக் கவனியுங்கள். மலிவு விளக்குகளைச் செய்பவர்கள் மிச்சத்துக்கு இடம் வைப்பதில்லை. புது விளக்கு விடியும்வரை எரிந்து நம்மை அசத்துவதும், பேனலில் கொஞ்சம் அழுக்கு ஏறியதும் படுத்துவிடுவதும் இதனால்தான்.

பெரிய செல் போட்டால் நீண்ட நேரம் எரியும் என்ற நம்பிக்கையும் இந்தக் கணக்கில் அடிபட்டுவிடும். 2000 எம்ஏஹெச் செல் என்பது பெரிய தொட்டி, அவ்வளவுதான். மோட்டார் ஏற்றுவது அதே 245தான். செல்லை வாங்கும்போது அதில் இருந்த சார்ஜ் தீரும்வரை சில நாள் ஜோராக எரியும், பிறகு பழைய நிலைதான்.

## பேனல்: வெயில் விழுகிறது, உள்ளே போகவில்லை

முதலில் ஒன்று. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனல் சூடேறச் சூடேற அதன் மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் விளக்கு கூடுதலாக எரிய வேண்டுமே என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்.

பேனலை உற்றுப் பாருங்கள். பளபளப்பான பூச்சுக்கு அடியில் கருநீலமாக நாலு பட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் அரை வோல்ட் தரும். நாலையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் மொத்தம் 2 வோல்ட். கோத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு: நாலு பட்டைகளிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய முடியும், ஆகவே இருப்பதிலேயே நோஞ்சான் பட்டை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் எல்லாவற்றுக்கும். ஒரு காக்கை எச்சம் ஒற்றைப் பட்டையை முக்கால்வாசி மூடினால் இழப்பு கால் பங்கு அல்ல. கிட்டத்தட்ட முழுப் பேனலும் முடங்கிவிடும்.

பரவலாகப் படியும் அழுக்கு இவ்வளவு மோசமில்லை, ஆனால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சென்னையில் அது பல வகை. ரோட்டுத் தூசி, கட்டட வேலைத் தூசி, கடற்கரைப் பக்கமானால் உப்புப் படலம். மாமரத்துக்கு அடியில் வைத்த விளக்கில் பிசுபிசுப்பாக ஒன்று படிந்து, அதன் மேல் கறுப்புப் பூசணம் வரும். மரத்திலுள்ள பூச்சிகள் விடுகிற தேன் போன்ற கசிவு அது. இவை எல்லாவற்றையும் விட நான் அதிகம் பார்ப்பது போர் தண்ணீர்க் கறை. செடிக்கு ஹோஸ் பிடிக்கும்போது விளக்கின் தலையிலும் தெளிக்கும், வெயிலில் காயும், வெள்ளை வட்டங்களாக உப்பு நிற்கும். பாத்ரூம் குழாயில் படிகிற அதே உப்பு.

தூசியும் பிசுக்கும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் ஈரத்துணியும் கொண்டு போய்விடும். உப்புக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டுவைத்துத் துடைக்க வேண்டும். ஸ்க்ரப்பர் வேண்டவே வேண்டாம். பூச்சில் கீறல் விழுந்தால் அழுக்கு அதில் நிரந்தரமாகக் குடியேறும். துடைத்த பிறகும் பேனல் மஞ்சளாகவோ பால் படிந்தாற்போலவோ தெரிந்தால், வெயில் தின்ற பூச்சு அது. வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து வட்டமாகத் தேய்த்துக் கழுவினால் ஓரளவு தெளியும். பூச்சு உரிந்து பட்டைகளுக்குள் தண்ணீர் இறங்கிக் கறுத்திருந்தால் அந்தப் பேனலைக் காப்பாற்ற முடியாது.

அழுக்குப் பேனலை எப்படிக் கண்டுபிடிப்பது? மின்னழுத்தத்தை அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். அழுக்கேறிய பேனலும் வெயிலில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மின்னோட்டத்தை அளக்க வேண்டும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மல்டிமீட்டரே போதும். செல்லைக் கழற்றிவிட்டு, மீட்டரை 200 மில்லி ஆம்பியர் அளவில் வைத்து, நண்பகல் வெயிலில் பேனலின் இரண்டு ஒயர்களில் நேராக வைக்கலாம். இவ்வளவு சின்னப் பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் செல்லின் இரண்டு முனைகளில் அப்படி வைத்துவிடாதீர்கள். ஒரே நொடியில் ஆம்பியர் கணக்கில் பாய்ந்து மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

## காண்டாக்ட்: கண்ணுக்குத் தெரியாத அடைப்பு

செல்லின் இரண்டு முனைகளையும் தொடுகிற ஸ்பிரிங்கும் தகடும்தான் காண்டாக்ட். பெரும்பாலும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய நிக்கல் முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் பழுப்பாகத் துரு வரும். செம்பு கலந்த பாகமானால் பச்சைக் களிம்பு. மழைக்காலத்தில் மூடியின் ரப்பர் வழியாக உள்ளே இறங்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கங்களில் ஏசி அவுட்டோர் யூனிட்டே துருப்பிடிக்கிறது. இந்த ஸ்பிரிங் எம்மாத்திரம்.

மூன்றாவது வகை வெள்ளைப் பொடி. அது வெளியிலிருந்து வந்ததல்ல, செல்லிலிருந்து கசிந்தது. செல்லுக்குள் இருக்கும் காரக் கரைசல் வெளியே வந்து காற்றோடு சேர்ந்து உப்பாகப் பூத்திருக்கும்.

துருவோ களிம்போ பொடியோ, மூன்றும் செய்வது ஒரே வேலை: மின்தடையைக் கூட்டுவது. மின்தடை என்பது மின்சாரம் பாய்வதற்கு ஏற்படும் எதிர்ப்பு, அதன் அலகு ஓம். நாலைந்து ஓம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். இந்த விளக்கில் அது பெரிய விஷயம். பேனல் தருவது 2 வோல்ட். டையோடு சுமார் 0.3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். நிரம்பும் நிலையில் செல் 1.4 வோல்ட் வரை எதிர்த்து நிற்கும். மிச்சம் 0.3 வோல்ட்தான். 70 மில்லி ஆம்பியர் பாயும்போது வெறும் 4 ஓம் தடை அந்த 0.3 வோல்ட்டையும் விழுங்கிவிடும். மே மாதச் சூட்டில் பேனலின் மின்னழுத்தம் இறங்கும்போது அந்த மிச்சம்கூட இருக்காது.

ராத்திரியில் இதே தடை மறுபக்கம் வேலையைக் காட்டும். ஐசி மின்சாரத்தை ஒரே சீராக எடுப்பதில்லை, துடிப்புத் துடிப்பாக இழுக்கிறது என்று பார்த்தோம். சராசரி 20 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒவ்வொரு துடிப்பின் உச்சமும் அதைப் போலப் பல மடங்கு. அந்த இழுப்பில் காண்டாக்ட்டில் மின்னழுத்தம் சரிந்து, ஐசிக்கு 0.9 வோல்ட்டுக்கும் கீழே போய்ச் சேர்ந்தால், செல் காலியாகிவிட்டது என்று நினைத்து அது அணைந்துகொள்ளும். செல்லில் பாதி சார்ஜ் இருந்தும் விளக்கு இருட்டாக நிற்பது இப்படித்தான். செல்லை விரலால் லேசாக உருட்டினால் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறதா? காண்டாக்ட்தான் கோளாறு, வேறு சோதனை தேவையில்லை.

சுத்தம் செய்வதில் வெள்ளைப் பொடிக்கும் துருவுக்கும் வேறு வேறு மருந்து. பொடி காரத்தன்மை உள்ளது. பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு வைத்தால் லேசாக நுரைத்துக் கரையும். பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து, ஸ்பிரிட் தடவி, நன்றாகக் காயவிட வேண்டும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். துருவையும் களிம்பையும் மெல்லிய உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கலாம். கடைசியில் பெட்ரோலியம் ஜெல்லியைத் துளி எடுத்து ஸ்பிரிங்கில் பூசினால் ஈரம் அண்டாது. ஸ்பிரிங்கின் அடியில் ஒயரைப் பற்றவைத்த இடத்தையும் பாருங்கள். முனை பளபளவென்று இருக்கும், அடியில் ஒயர் களிம்பில் அரித்துப்போய் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதுவரை: அழுக்குப் பேனல் வரவைக் குறைக்கிறது, கெட்ட காண்டாக்ட் இருக்கிற வரவையும் தடுக்கிறது, ராத்திரிச் செலவுக்கும் குறுக்கே நிற்கிறது.

## செல் எப்படிச் சாகிறது

உள்ளே இருப்பது பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். அதற்குப் பிடிக்காதவை இரண்டு: அடிமட்டம் வரை வற்றுவதும், அதிகச் சூடும். நம் விளக்கில் இரண்டும் தாராளம். வரவு குறைந்துவிட்டால் செல் ஒவ்வொரு ராத்திரியும் அடிவரை வற்றும். ஐசி அணைத்த பிறகும் சொட்டுச் சொட்டாகக் கசிவு தொடரும். பகலில் கறுப்புப் பிளாஸ்டிக் தலைக்குள் காற்றோட்டமே இல்லாமல் வேகும். 45 டிகிரியைத் தாண்டினால் உள்ளே அனுப்பும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சேமிப்பாகாமல் சூடாகவே கழியும். இப்படி ஒன்றிரண்டு வருடம் ஓடினால் கொள்ளளவு சுருங்கும், செல்லுக்குள்ளேயே மின்தடை ஏறும். கடைசியில் உள்ளே வாயு சேர்ந்து, முனையின் ஓரமாகக் கரைசல் கசிந்து, காண்டாக்ட்டையும் கெடுத்துவிட்டுத்தான் போகும்.

செத்த செல்லையும் வெறும் வோல்ட் மீட்டர் காட்டிக்கொடுக்காது. சும்மா வைத்து அளந்தால் 1.2 வோல்ட் காட்டும். சார்ஜரில் போட்டு எடுத்து, முனைகளில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை வைத்துக்கொண்டே அளந்தால் சாயம் வெளுக்கும். நல்ல செல் சில நிமிடம் ஆனாலும் 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். செத்தது ஒரு நிமிடத்துக்குள் 1 வோல்ட்டுக்குக் கீழே சரியும்.

மாற்றும்போது மேலே 1.2 வோல்ட், ரீசார்ஜபிள் என்று போட்டிருக்க வேண்டும். கொள்ளளவு பழையதை ஒட்டி இருந்தால் போதும். டிவி ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் சாதா செல்லைப் போடாதீர்கள். அளவு ஒன்றுதான், ராத்திரி எரியவும் எரியும். ஆனால் பகலில் பேனல் அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். அது கசியும், சில சமயம் வெடிக்கவும் செய்யும்.

## திருவான்மியூரில் ஒரு விளக்கு

என் அத்தை வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரம். வாசல் நடைபாதை ஓரம் வைத்த விளக்குகளில் ஒன்றைக் காட்டி அவர் சொன்னது: "போன மாசம்தான்டா புது பேட்டரி போட்டேன். ரெண்டு நாள் விடிய விடிய எரிஞ்சுது. மூணாம் நாள் ஒன்பதரைக்கே அணைஞ்சிருச்சு. இப்ப எரியறதே இல்ல."

இந்த வாக்குமூலத்திலேயே பாதி விடை இருக்கிறது. விளக்கு இரண்டு இரவு முழுக்க எரிந்திருப்பதால் ஐசி, காயில், எல்இடி எல்லாம் நலம். அவற்றைத் தொட வேண்டாம். வரவில்தான் ஓட்டை.

நண்பகலில் பேனலின் மின்னழுத்தம் 2.1 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்னோட்டம் 24 மில்லி ஆம்பியர். முந்தைய கணக்கைப் போட்டால், ஐந்து மணி நேரத்துக்கு 120, தங்குவது 84. மேலே போர் தண்ணீர் உப்பு பூசினாற்போல் இருந்தது. அத்தை தினமும் ஹோஸ் பிடிப்பது அந்த வழியாகத்தான். செல்லைக் கழற்றினால் ஸ்பிரிங்கில் பழைய செல் விட்டுச்சென்ற வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. புது செல்லை அதன் மேலேயே அழுத்திப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தடையில் இன்னும் கொஞ்சம் போய், ஒரு நாளைக்குச் சேர்வது 60 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மூன்று இரவுகளையும் ஓட்டிப் பாருங்கள். கடையில் வாங்கிய 600 எம்ஏஹெச் செல்லில் ஏற்கெனவே சுமார் 420 இருந்திருக்கும். முதல் இரவு 240 செலவு, மிச்சம் 180. பகலில் 60 சேர்ந்து 240. இரண்டாம் இரவு அந்த 240ம் தீர்ந்து சுழியம். மூன்றாம் நாள் கையில் 60 மட்டும். மூன்று மணி நேரம். ஆறரைக்கு எரியத் தொடங்கினால் ஒன்பதரை. அத்தை சொன்ன நேரம்!

அதன் பிறகு தினமும் அடிவரை வற்றி, மழை நாட்களில் அந்த 60ம் வராமல், செல்லின் மின்னழுத்தம் ஐசி விழிக்கும் அளவுக்குக்கூட ஏறவில்லை. பேனலைச் சோப்புப் போட்டுத் துடைத்ததும் மின்னோட்டம் 41 வந்தது. வினிகர் துணி போட்டெடுத்து, பற்பசையும் தேய்த்த பிறகு 58. மீதியைப் பூச்சின் மஞ்சள் தின்றுவிட்டது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. பொடியை எலுமிச்சையால் கரைத்து, ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்தேன். வேலைக்கு முன் சார்ஜ் உள்ள ஒரு செல்லைப் போட்டு விளக்கை எரியவிட்டு அளந்தபோது செல்லின் முனையில் 1.22 வோல்ட்டும், போர்டில் ஒயர் பற்றவைத்த இடத்தில் 0.94ம் இருந்தன, நடுவில் காணாமல் போனது 0.28. வேலைக்குப் பின் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தச் செல் சில வாரமே ஆனது என்பதால் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. வெளிச் சார்ஜரில் ஒரு முறை முழுக்க ஏற்றியதும் ரெசிஸ்டர் சோதனையில் நின்றது. 58க்குக் கணக்குப் போட்டால் தங்குவது 200, அதாவது பத்து மணி நேரம். விடியற்காலை நாலரை வாக்கில் அணையும். "அதுக்கு மேல யாருடா முழிச்சிருக்கா" என்றார் அத்தை.

சார்ஜரில் ஒரு முறை ஏற்றியதை விட்டுவிடக்கூடாது. வற்றிக்கிடக்கும் செல்லைப் போட்டுவிட்டுப் பேனலே நிரப்பட்டும் என்று விட்டால், வரவும் செலவும் ஒட்டிய கணக்கில் அது ஒருநாளும் நிரம்பாது. சார்ஜர் இல்லையென்றால் ஸ்விட்சை அணைத்து மூன்று நாலு நாள் வெயிலில் வைக்கலாம். ஸ்விட்ச் அணைத்திருந்தாலும் பல விளக்குகளில் சார்ஜ் ஏறும், சிலவற்றில் ஏறாது. மறுநாள் செல்லின் மின்னழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

## எல்லாம் சரியாக இருந்தும் இருட்டு

பேனல் பளிச், காண்டாக்ட் பளிச், செல் புதுசு, ஆனாலும் ராத்திரி எரியவில்லை என்று ஒரு சங்கதி உண்டு. செல் நிரம்பிய விளக்கைக் கையில் எடுத்து, பேனலை உள்ளங்கையால் முழுக்க மூடுங்கள். உடனே எரிந்தால் விளக்கில் குறையே இல்லை. அது நிற்கும் இடத்தில்தான் குறை. மாநகராட்சியின் எல்இடி தெருவிளக்கோ, பக்கத்து வீட்டு போர்ட்டிகோ விளக்கோ பேனலின் மேல் விழுந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தால் செல்லை நிரப்ப முடியாது, ஆனால் இன்னும் இருட்டவில்லை என்று ஐசியை நம்பவைக்க அது போதும். விளக்கைப் பிடுங்கி, அந்த வெளிச்சம் படாத, பகல் வெயில் விழுகிற இடத்தில் குத்த வேண்டியதுதான்.

இடம் பார்க்கும்போது மார்கழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் சென்னையின் உச்சி வெயில் தலைக்கு மேலே சற்று வடக்கே சாய்ந்திருக்கும்; டிசம்பரில் அது தெற்கே சாய்ந்து, வடக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வீட்டின் நிழலும் மதில் நிழலும் நீளும். ஜூனில் வெயில் பார்த்து வைத்த விளக்கு டிசம்பரில் பகல் முழுக்க நிழலில் நிற்கும்.

மூடிப் பார்த்தும் எரியவில்லையா? அப்போது மட்டும், பேனலைக் கறுப்புத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, ரிமோட்டிலிருந்து ஒரு சாதா செல்லை எடுத்து ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். பேனல் மூடியிருப்பதால் அந்தச் செல்லுக்குள் சார்ஜ் ஏறாது. அதிலும் எரியாவிட்டால் ஸ்விட்சை நாலைந்து முறை தள்ளித் தள்ளிப் பாருங்கள், அதற்குள்ளும் களிம்பு பிடிப்பதுண்டு. அதற்கும் அசையாவிட்டால் ஐசியோ காயிலோ போயிருக்கும். அதை மாற்றச் சோல்டரிங் தெரிந்த கை வேண்டும். தெரியாவிட்டால் அந்த விளக்கின் செல்லையும் எல்இடியையும் கழற்றி வைத்துக்கொண்டு, மற்ற விளக்குகளுக்கு உதிரியாகப் பயன்படுத்துவதே மேல்.